திறக்காமல் விட்ட படம்

சொறிநோயைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று விநாடி போதும். பதினோரு வருடமாகப் பயிர் ஆலோசனை மையத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஆரஞ்சு, எலுமிச்சை போட்டவர்கள் கைபேசியில் எடுத்து அனுப்பும் இலையையும் காயையும் பார்த்துப் பதில் எழுதுகிறேன். தொட்டால் சொரசொரக்கும் தடித்த புள்ளி, இலையின் இரண்டு பக்கமும் இருக்கும். நடுவில் சின்னப் பள்ளம், சுற்றி மஞ்சள் வளையம். காயின் தோலில் அதே புள்ளி தக்கை போல வெடித்திருக்கும். ஒரு நாளைக்கு எழுபது எண்பது படம் வரும். பாதி மங்கல், கால்வாசி யாருடைய கட்டைவிரலோ. மிச்சத்தில் சொறி இருந்தால் அது என்னிடம் தப்பாது. இந்தத் திமிர் எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்று காலை ஒரு தோட்டக்காரர் மூன்று படம் அனுப்பியிருந்தார். முதல் படத்திலேயே சொறி பளிச்சென்று தெரிந்தது. நோய் கண்ட கிளைகளை வெட்டி எரியுங்கள், செம்பு மருந்து தெளியுங்கள் என்று எழுதி வைத்திருக்கும் பதிலை எடுத்து ஒட்டப் போனேன். பின்னால் நின்றுகொண்டிருந்த எங்கள் மேலதிகாரி, "கொஞ்சம் இரும்மா" என்றார். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ லென்ஸ் இருக்கும் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும்.

"சொறி இருக்கு, சரி. சொறி இல்லாத இடத்தைப் பாரு."

பார்த்தேன். புள்ளிகளுக்கு இடையே இலை ஒரே பச்சையாக இல்லை. நடு நரம்புக்கு இடது பக்கம் திட்டாக மஞ்சள். வலது பக்கம் அதே இடத்தில் நல்ல பச்சை. சத்துக் குறைவால் வரும் மஞ்சள் இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி ஒன்றாக இருக்கும். இது இஷ்டத்துக்கு இருந்தது. இரண்டாவது படத்தில் காய் சிறுத்து, ஒரு பக்கம் கோணிப் போயிருந்தது. காம்புப் பக்கம் நிறம் ஏறியிருக்க, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றுவிட்டது. மூன்றாவதில் நல்ல பச்சை மரம், அதில் ஒரே ஒரு கிளை மஞ்சள், அந்தக் கிளையின் நுனி காய்ந்து வெறும் குச்சி.

"கிரீனிங்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"படத்தை வச்சு சந்தேகம்னுதான் சொல்லலாம். லேப்ல பார்த்தாதான் உறுதி. ஆனா எனக்கு நல்லாப் படலை" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

சொறியோடு ஒரு மரம் காலம் தள்ளிவிடும். காயைப் பழுக்கவிடாமல் பச்சையாகவே நிறுத்திவிடும் கிரீனிங் நோய்க்கு மருந்தே இல்லை. மரத்தைப் பிடுங்குவதுதான் வழி. வாலைத் தூக்கிக்கொண்டு உட்காரும் சின்னப் பூச்சி ஒன்று அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். பூச்சியைவிட வேகமாகக் கொண்டுபோவது மனிதர்கள்தான். நோயுள்ள தாய் மரத்தில் மொட்டு எடுத்துக் கன்றுகளில் ஒட்டினால் போதும், நோயை நாமே வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி.

தோட்டக்காரரைக் கூப்பிட்டு, கன்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். மெயின் ரோட்டுல பச்சை கேட் போட்ட நர்சரி இருக்கில்ல, ஒரு அம்மா வச்சிருக்காங்களே, அங்க. நல்ல கன்னுன்னு எல்லாரும் சொன்னாங்க."

அந்த அம்மா என் அக்கா.

அலுவலகப் போனை வைத்துவிட்டு என் சொந்தப் போனை எடுத்தேன். எனக்கும் அக்காவுக்கும் நடந்த பேச்சை மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிறந்தநாள் கேக், மாமாவின் முழங்கால் எக்ஸ்ரே, எங்கள் அம்மாவின் மாத்திரைச் சீட்டு, எல்லாம் கடந்து மூன்று வருடம் பின்னால் போனதும் அது இருந்தது. அக்கா தன் தாய் மரத்தை மூன்று படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இலை, காய், இரண்டிலும் அப்பட்டமான சொறி. மூன்றாவது படம் மங்கலாக, நடுவில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறியோடு நின்றது. நான் அதை இறக்கிப் பார்க்கவே இல்லை. அதன் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "இந்த ஒரு கிளை மட்டும் ஏண்டி இப்படி?" அதற்கு நான் எழுதிய பதில்: "எல்லாம் சொறிதான்க்கா. காஞ்சதை வெட்டிட்டு செம்பு மருந்து அடி." படம் வந்து ஒரு நிமிடத்தில் பதில் போயிருக்கிறது.

அம்புக்குறியைத் தொட்டேன். படம் இப்போது கிடைக்கவில்லை, அனுப்பியவரிடம் திரும்பக் கேளுங்கள் என்று வந்தது.

அனுப்பியவரிடம் நேரிலேயே கேட்கலாம் என்று கிளம்பினேன். மாதிரி எடுக்கும் பைகளை பூதக்கண்ணாடிதான் கையில் கொடுத்தார். யாருடைய நர்சரி என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா நிழல்வலைக்குக் கீழே கன்றுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். எண்ணூறு கன்று, மறுநாள் காலை லாரி. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், பளபளவென்ற இலை.

"என்னடி, வேலை நாள்ல வந்திருக்கே? உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"அக்கா, மூணு வருஷம் முன்னாடி தாய் மரத்தைப் படம் எடுத்து அனுப்பினியே. அந்தக் கிளைப் படம் உன்கிட்ட இருக்கா?"

அக்கா எதையும் அழிக்க மாட்டாள். எனக்குப் பல் முளைத்தபோது எடுத்த பழைய படத்தைக்கூடப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பச்சை மரத்தில் ஒரு கிளை மஞ்சள். நுனி காய்ந்த குச்சி. காலையில் பார்த்த படத்துக்கும் இதற்கும் மரம்தான் வேறு.

"நீ சொன்ன மாதிரி வெட்டிட்டேனே. அப்புறம் புதுசா எப்படித் துளிர்த்துச்சு தெரியுமா? அந்தத் துளிர்லதான் மொட்டு எடுக்கறேன்."

நான் மரத்தடிக்குப் போனேன். அக்காவும் வந்தாள். பின்பக்கக் கிளை ஒன்றில் இலை மங்கி இருந்தது. ஓர் இலையைப் பறித்து, நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம், நேர் எதிரே அந்தப் பக்கம் ஒரு வட்டம் என்று பேனாவால் போட்டேன். ஒரு வட்டத்துக்குள் மஞ்சள், இன்னொன்றுக்குள் பச்சை. அடுத்த இலையிலும் அப்படித்தான். நான்காவது இலையோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு கோணல் காயைப் பறித்துக் காம்பிலிருந்து நேராக அறுத்தேன். நடுத்தண்டு வளைந்திருந்தது. விதைகள் வளராமல் கறுத்துச் சுருங்கியிருந்தன.

"சத்து பத்தலையோ?" என்றாள் அக்கா. அப்படி இருக்க வேண்டும் என்று கெஞ்சுகிற குரல்.

"கிரீனிங் மாதிரி இருக்குக்கா. லேபுக்கு அனுப்பணும்."

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். தொழிலே அதுதானே. மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ நீ பார்த்தப்ப இது இல்லையா?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். அப்போது தெரியவில்லை, நோய் பிறகு வந்திருக்கும் என்றால் நம்பியிருப்பாள். மூச்சுவிடும் நேரத்துக்கு அந்தப் பொய் என் வாயில் இருந்தது.

"நான் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லைக்கா. முதல் ரெண்டுல சொறி தெரிஞ்சுச்சு. அதோட விட்டுட்டேன்."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் ஒரு பென்சிலைத் தொலைத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். இப்போது அவள் என்னைப் பார்க்காமல் கன்றுகளைப் பார்த்தாள்.

"அந்தக் கிளை எனக்கு உறுத்துச்சு. பத்து நாள் அதையே சுத்திச் சுத்தி வந்தேன். நீ பார்த்துச் சொல்லிட்டேன்னுதான் நான் பார்க்கறதை விட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழ எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. பையை எடுத்து மரத்தின் நான்கு பக்கமும் இலைகளைப் பறித்துப் போட்டு, தேதி எழுதினேன்.

"இதுல ஒரு கன்னுலயும் மஞ்சள் இல்லையே" என்றாள் அக்கா. "எல்லாமே நல்லாத்தானே இருக்கு?"

"வெளியில தெரிய மாசக்கணக்கு ஆகும். சிலதுல வருஷமே ஆகும்."

"லேப் ரிசல்ட்?"

"ஒரு வாரம்."

"லாரி நாளைக்கு" என்றாள். "ஒருவேளை நோய் இல்லேன்னா?"

"இல்லேன்னா ஒரு வாரம் லேட்டா அனுப்பினதாப் போகும். இருந்து, அனுப்பிட்டா..."

"தெரியும்டி. எனக்குப் பாடம் எடுக்காதே."

அவள் நிழல்வலைக்குள் போய், கடைசி வரிசையில் சாய்ந்திருந்த ஒரு கன்றை நிமிர்த்தி வைத்தாள். ஏன் நிமிர்த்தினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு லாரிக்காரரைக் கூப்பிட்டு நாளைக்கு வர வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, கன்று சரியில்லை என்றாள். நர்சரி வைத்த பதினைந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

அதோடு முடியவில்லை. மூன்று வருடத்தில் இந்த மரத்தின் மொட்டு ஒட்டிய கன்றை வாங்கியவர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். நர்சரியின் அலுவலக அறையில் உட்கார்ந்து பழைய ரசீதுகளிலிருந்து நம்பர் எடுத்தாள். முதல் ஐந்து பேரிடமும் ஒரே மாதிரி பேசினாள். தாய் மரத்தில் நோய் இருக்கும் போலத் தெரிகிறது, தோட்டத்தைப் பார்க்க ஆள் வருவார்கள், என் தப்பு, நான்தான் கவனிக்கவில்லை. நான் எதிரே நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஐந்து முறை அவள் என் தப்பைத் தன் தப்பு என்றாள். ஐந்து முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மோசமான விஷயம் இதுதான்.

ஆறாவது நம்பர் காலையில் எனக்குப் படம் அனுப்பிய தோட்டக்காரர். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"நீங்க கவனிக்கலையா? உங்க தங்கச்சி இந்த மையத்துலயே இருக்காங்க, அவங்க பார்த்துச் சொன்ன மரம்னு நீங்கதானே சொல்லி வித்தீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லி மூட வாயெடுத்தாள். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"நான்தான் அந்தத் தங்கச்சி. காலையில உங்ககிட்ட பேசினதும் நான்தான். எங்க அக்கா அனுப்பின படத்துல ஒண்ணை நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலே பதில் சொல்லிட்டேன்."

எதிர்ப்பக்கம் தூரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுவது கேட்டது.

"என்கிட்ட முன்னூத்தி அறுபது மரம் இருக்கும்மா" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். "பிடுங்கணும்னா பிடுங்கிடறேன். ஆனா போன்ல படம் பார்த்துச் சொல்லாதீங்க. இங்க வந்து, ஒவ்வொண்ணா, கிட்ட நின்னு பார்த்துட்டுச் சொல்லுங்க."

"நாளைக்கு வரேன்" என்றேன்.

"நானும் வரேன்" என்றாள் அக்கா. "இவ பார்க்கறதை நான் பார்க்கணும்."