மூன்றாவது படத்தின் வெளிச்சம்

மூன்றாவது படத்தில் தலையணை உறை பூப்போட்டதாக இருந்தது. முதல் இரண்டில் நீலம்.

பெயின்ட் கடையின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்ததும் படத்தைப் பெரிதாக்கினாள். கடை அவளுடைய தாய்மாமனுடையது. வாடிக்கையாளர் வீட்டு அறையைப் போட்டோ எடுத்து வந்து, சுவர்களை மட்டும் பிரித்து, கேட்ட நிறத்தை அதில் ஏற்றி, அடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவது அவள் வேலை. கடைக்கு வருகிறவர்கள் அவளைப் படக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

இந்தப் படுக்கையறை கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒருவருடையது. மனைவிக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். பிரசவம் வரை எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகல் முழுக்க அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பவள், இந்த அழுக்கு மஞ்சளை மாற்றாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். படுத்துக்கொண்டே எப்படி ஒற்றைக்காலில் நின்றாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அவள் புருஷன்.

முதலில் இளம்பச்சை, சாம்பல் கலந்த நீலம் என்று இரண்டு நிறங்கள் கேட்டார்கள். இரண்டையும் ஒரே போட்டோவில் செய்து அனுப்பினாள். பிறகு மாமியார், வெளிர் ஆரஞ்சு போன்ற பீச் நிறத்தையும் பார்க்கலாம் என்றார். அளவு சரிபார்க்கப் போன அன்று எடுத்த இன்னொரு போட்டோ தெளிவாக இருக்கவே, பீச்சை அதில் ஏற்றி அனுப்பிவிட்டாள். வீடே ஒருமனதாக மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அவள் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து மேற்கூரையைப் பார்த்தாள். அது வெள்ளை, அதற்குப் பெயின்டே கிடையாது. மூன்றிலும் ஒரே மாதிரிதான் தெரிய வேண்டும். முதல் இரண்டில் காபிக்கறை படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. மூன்றாவதில் பளிச்சென்றிருந்தது. அன்றைக்கு ஜன்னலில் இருந்த தடித்த பழுப்புத் திரை துவைக்கப் போயிருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மாமா, மெஷின்ல பீச் இன்னும் கலக்கலையே?"

"இன்னும் இல்ல. காலையிலயே கலக்கச் சொல்லிட்டாங்க. ஏன்?"

"அவங்க கலர் பிடிச்சுப்போய் எடுக்கல மாமா. வெளிச்சம் பிடிச்சுப்போய் எடுத்திருக்காங்க."

மாமா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, நமக்கு ஆர்டர் வந்திருக்கு. நீ ஏன் சும்மா கிடக்கிறதைச் சொறியுறே?"

"அடிச்சப்புறம் சுவர் வேற மாதிரி இருந்தா அந்தப் பொண்ணு எங்க ஓடும்? படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாது."

மாமா ஒரு தூரிகைக்கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். பிறகு, "மத்தியானம் வரைக்கும் பாக்குறேன்" என்றார்.

பீச்சைத் திரை போட்ட போட்டோவில் ஏற்றிப் பார்த்தாள். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. அதற்கு மேல் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மடிக்கணினியையும் கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் பையில் போட்டு, மூன்று நிறங்களையும் இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்திருந்த பெரிய அட்டைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சிக்னல்கள் அவளுக்கென்றே சிவப்பாக நின்றன. என்ன சொல்லப் போகிறோம் என்று மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நாலுமே அசட்டுத்தனமாக இருந்தன.

மாமியார் கதவைத் திறந்தார். "பெயின்ட் வந்துடுச்சா?"

"இல்லம்மா. படத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு."

கர்ப்பிணி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வையைக் காலால் உதைப்பதும் இழுப்பதுமாக இருந்தாள். படக்காரி ஒரே போட்டோவில் செய்த மூன்று நிறங்களையும் காட்டினாள்.

"இதுவா பீச்? நேத்து பாத்தது எங்க, அக்கா?"

"அதுவும் இதே கலர்தான். போட்டோதான் வேற. அன்னைக்குத் திரை இல்ல. மத்த ரெண்டும் திரை போட்டிருந்தப்ப எடுத்த போட்டோ. மூணையும் ஒரே வெளிச்சத்துல காட்டியிருக்கணும், காட்டல. என் தப்புதான்."

கர்ப்பிணி ஜன்னலைப் பார்த்தாள். திரை மறுபடி மாட்டப்பட்டிருந்தது. "நான் ராவும் பகலும் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். ஏன் பிடிச்சுதுன்னு இப்பல்ல தெரியுது!" மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, தயவுசெஞ்சு அந்தத் திரையைக் கழட்டுங்க."

"எதிர்ல நாலு பேர் பாப்பாங்களேம்மா."

"எதிர்ல தண்ணித்தொட்டிதான் இருக்கு அத்தை. அது என்னைப் பாத்தா பாத்துட்டுப் போகட்டும்!"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு அவரே ஏறினார். படக்காரி பதறிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். திரை விழுந்ததும் அறை ஒரு முழம் அகலமானது போல இருந்தது.

படக்காரி சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, தாள் வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தையும் வெளிச்ச அளவையும் கையால் நிலைநிறுத்தினாள். தானாக விட்டால் கேமரா ஒவ்வொரு தடவையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். எடுக்கப்போகும் நேரத்தில் மேகம் வந்தது. காத்திருந்தாள். விலகியதும் எடுத்தாள். மறுபடி மேகம் வந்தபோது, அளவை மாற்றாமல், அந்த மங்கலையும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"இருட்டா இருக்கிறதை எதுக்கும்மா எடுக்கிற?" என்றார் மாமியார்.

"மேகம் போட்ட நாள்லயும் இவங்க இங்கதானேம்மா இருப்பாங்க."

தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் சுவரை மறுபடி பிரித்தாள். அலமாரியின் நிழல் நிறத்துக்கு அடியில் மறையாமல் பார்த்துக்கொண்டாள். வெயிலில் மூன்று, மங்கலில் மூன்று. கர்ப்பிணி ஆறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அட்டைகளை ஜன்னல் பக்கத்துச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னாள்.

"பச்சை," என்றாள் கடைசியில். "வெயில் போனாலும் அது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கல."

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமேடி," என்றார் மாமியார்.

"திரைக்குள்ள பாத்தப்ப அப்படித்தான் இருந்துச்சு அத்தை. இப்பப் பாருங்க."

மாமியார் பார்த்தார். பச்சை அட்டையை வாங்கித் தானே சுவரில் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் மாமா போன் செய்தார். "பீச் ஒரு டப்பா கலக்கிட்டேன். அந்த வீட்டு சார் போன் பண்ணி அவசரப்படுத்தினாரு."

கலந்த பெயின்டைத் திரும்ப வெள்ளையாக்க முடியாது. வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள். இரண்டு கார் வகுப்புகளுக்கு நடுவே சாப்பிட வந்த கர்ப்பிணியின் புருஷன், வாசலிலேயே விஷயம் தெரிந்து தலையைச் சொறிந்தார். "மூணாவதுதானே எல்லாருக்கும் பிடிச்சுது? அதான் சீக்கிரம் போடச் சொன்னேன்."

"அதை என் ரூமுக்கு அடிங்க," என்றார் மாமியார்.

"ஏம்மா, உனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா?"

"பிடிச்சதாலதானேடா கேட்டேன்! வெளிச்சமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு அந்தக் கலர் பிடிக்கும்."

"அம்மா, உங்க ரூமை ஒரு போட்டோ..." என்று படக்காரி ஆரம்பித்தாள். அது மேற்குப் பார்த்த அறை. சாயங்கால வெயிலில் பீச் செக்கச்செவேலென்று ஆகிவிடலாம்.

"படமே வேணாம், தாயி. ஒரு படம் பாத்துப் பட்டது போதும்."

படக்காரி மடிக்கணினியை மூடினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பீச் அட்டையை மாமியார் கையில் கொடுத்து, "சாயங்காலம் ஒரு தடவை சுவர்ல வெச்சு மட்டும் பாத்துருங்க" என்றாள்.

மாமாவுக்குப் போன் செய்து, அடுத்த டப்பாக்கள் பச்சை என்றாள். வாசனை குறைந்த பெயின்டாக இருக்கட்டும், காய்கிறவரை கர்ப்பிணிக்குக் கூடத்தில் படுக்கை என்றும் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "இனிமே படம் அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டு," என்றார் மாமா. கோபமா, அக்கறையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

உள்ளே கர்ப்பிணி, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.