சிவப்புச் சாக்கட்டி

உலகிலுள்ள மதங்கள் அனைத்தும் ஒன்றே என்ற பேருண்மையைக் காவாந்தண்டலத்து ஆசிரியர் தாண்டவராயன் கண்டடைந்திருந்தார். அஞ்சல்வழி எம்.ஏ. தேர்வில், 'உலக சமயங்கள்' தாளில், அந்த உண்மையைப் பதினாறு பக்கத்துக்கு எழுதினார். முப்பத்தொரு மதிப்பெண் வந்தது. உண்மை போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வருடம் இருபது பக்கம் எழுதினார். இருபத்தெட்டு வந்தது.

மற்ற தாள்கள் தேறிவிட்ட தைரியத்தில் வாசலில் 'தாண்டவராயன் எம்.ஏ.' என்று பலகை மாட்டியாகிவிட்டது. இந்த முறைதான் கடைசி வாய்ப்பு. தவறினால் ஊரே பார்க்க ஏணி போட்டு அதைக் கழற்ற வேண்டும்.

அந்தப் பயம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உத்திரமேரூரில் ஹபீபுல்லா பாயின் நெல் மில்லுக்குக் கொண்டுவந்தது. பாயின் மகள் ஷப்ரீன் அதே தாளுக்குப் படிக்கிறாள். பி.எட். முடித்தவள். அதே தாளை எழுதும் மூன்றாவது ஆள் ஐசக், தாண்டவராயன் பள்ளியில் டிரில் மாஸ்டர், சர்ச் ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தார். மில்லுக்கு விடுமுறை. நெல் காயப்போடும் சிமெண்ட் களம் காலியாகக் கிடந்தது.

ஷப்ரீன் ஆளுக்கொரு வெள்ளைச் சாக்கட்டி கொடுத்தாள்.

"கோலம் போடவா என்னக் கூப்புட்ட?" என்றார் தாண்டவராயன்.

"வரைபடம் சார். புத்தகத்த மூடிடுங்க. நம்பிக்கை ஒரு கட்டம், சடங்கு ஒரு கட்டம், அது எந்த நூல்ல இருந்து வந்துச்சோ அது ஒரு கட்டம். நடுவுல அம்புக்குறி. அம்பு மேல ஒரு வார்த்தை எழுதணும், ஏன் அதுக்கும் இதுக்கும் தொடர்புன்னு."

தாண்டவராயன் களத்தின் நட்டநடுவில் 'எல்லாம் ஒன்றே' என்று பெரிய கட்டம் போட்டார். அங்கிருந்து எல்லாப் பக்கமும் அம்பு இழுத்தார்.

"அம்பு மேல இன்னா சார் எழுதப்போறீங்க?"

"ஒன்றே."

"எல்லாம் ஒன்னுன்னா அம்பு எதுக்கு சார்?"

ஐசக் திரும்பி நின்று சிரித்தார். "வாத்தியாரே, ரமலான் நோன்பு, ஈஸ்டருக்கு முந்தி எங்க நாப்பது நாள் லெந்து நோன்பு, உங்க ஏகாதசி, மூணையும் சேத்து அந்த ஒன்னுல கட்டிக் காட்டு, பாப்போம்."

ரமலான் அம்பின் மேல் ஷப்ரீன் 'இறையச்சம் வளர விதிக்கப்பட்டது' என்று எழுதி அதைக் குர்ஆனில் சேர்த்தாள். ஐசக் 'இயேசு வனாந்தரத்தில் நோன்பிருந்ததை நினைவுகூர்கிறது' என்று எழுதிச் சுவிசேஷத்துக்குக் கொண்டுபோனார். மூன்று நோன்பையும் ஒரு குறுக்குக் கோடு தொட்டது; எழுதிய இரண்டு அம்பிலும் இரண்டு காரணம். தாண்டவராயன் தம்முடைய நடுக்கட்டத்தைச் செருப்புக் காலால் மெல்லத் தேய்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு வேகம் பிடித்தது. துக்கம், ஆசை, எண்வழிப் பாதை, திரிபிடகம் என்று பௌத்தத்தை மூவரும் சேர்ந்து போட்டார்கள். வெயில் ஏறியதும் ஷப்ரீன் புத்தகத்தைத் திறந்தாள்; சிவப்புச் சாக்கட்டியை எடுத்தாள்.

"தப்பு, விட்டுப்போனது, ரெண்டும் சிவப்புல."

முதலில் சிக்கியது அவளே. தொழுகைச் சுற்றான ரக்அத்தின் எண்ணிக்கையைக் குர்ஆனோடு இணைத்திருந்தாள். தொழச் சொல்வது குர்ஆன், எத்தனை ரக்அத் என்று விவரிப்பது நபிமொழித் தொகுப்பான ஹதீஸ். டிசம்பர் இருபத்தைந்தை ஐசக் சுவிசேஷத்தில் சேர்த்திருந்தார். அங்கே பிறப்பு இருக்கிறது, தேதி இல்லை. தேதி சபை மரபு.

"இன்னா சார் இது, ஆடிக் கூழை ரிக் வேதத்துல கொண்டுபோய் ஊத்திட்டீங்க?" என்றாள் ஷப்ரீன்.

"வேதத்துல இல்லாதது எதுனா கீதா?" என்றார் தாண்டவராயன், குரல் இறங்கி.

"கூழ் கீதான்னு காட்டு வாத்தியாரே" என்றார் ஐசக். புத்தகம் 'உள்ளூர் வாய்மொழி மரபு' என்றது. அதுவும் ஒரு மூலம்தான். தனிக் கட்டம் உண்டு. ஏகாதசியைத் தாண்டவராயன் கீதையில் சேர்த்திருந்தார். புத்தகம் புராணங்களைக் காட்டியது. அம்பின் மேல் வார்த்தையே எழுதவில்லை. இருபது வருடமாக விரதம் இருப்பவர். அன்று வீட்டில் உலை வைப்பதில்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் தெரிந்திருக்கவில்லை.

முழுதும் பார்க்க மூவரும் மில் மாடிக்கு ஏறினார்கள்.

தாண்டவராயன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். களம் முழுக்க வெள்ளைக் கட்டங்கள், நூற்றுக்கணக்கில் அம்புகள். பாலைவனத்திலிருந்தும் போதி மரத்தடியிலிருந்தும் மாரியம்மன் கோயில் வாசலிலிருந்தும் மனிதர்கள் கிளம்பி, தனித்தனிக் காரணத்தோடு பசித்திருக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், கொடுக்கிறார்கள். எங்கோ ஒரு கோடு இன்னொன்றைத் தொடுகிறது, தொட்டுவிட்டுத் தன் வழியே போகிறது. ஒன்றே என்று சொல்லி இவ்வளவு பெரியதை இத்தனை காலம் ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்திருந்தோமே என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பலகை, எம்.ஏ. எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

"ஏங்க, சிவப்பு எங்க கீதுன்னு பாத்தீங்களா?" என்றார் ஐசக்.

இந்து சமயத்தில் சிவப்பு. இஸ்லாத்தில் சிவப்பு. கிறிஸ்தவத்தில் சிவப்பு. மூவர் வீட்டிலும் இல்லாத பௌத்தம் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி வரைந்தார்கள். ஒவ்வொரு முறையும் சிவப்பு குறைந்தது. ஜூனில் தேர்வு வந்தது. பெரிய கேள்வி இப்படி இருந்தது: 'நீங்கள் நன்கறிந்த ஒரு சமயத்தின் நம்பிக்கை, வழிபாடு, மூலநூல் ஆகியவற்றை இணைத்து விளக்குக.'

தாண்டவராயன் ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினார். மற்ற இருவரும் தேறினார்கள்.

மூவரும் பௌத்தத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள்.