பீம் ஏழு, அகலம் 230

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அகல்யா தன் தப்பைத் தானே கண்டுபிடித்தாள். பூந்தமல்லியில் கட்டுமானப் பொறியாளர் தட்சிணாமூர்த்தியின் அலுவலகத்தில் அவளுக்கு வரைபட வேலை. எந்தக் கம்பி எங்கே வரும், எவ்வளவு நீளம், எந்த இடத்தில் எப்படி வளைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு சைட்டுக்கு அனுப்புவது அவள்தான்.

நூம்பலில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியின் இரண்டாம் தளத்துக்கு அட்டவணை போட உட்கார்ந்தவள், நேரம் மிச்சமாகட்டும் என்று முதல் தளத்தின் வரிகளை நகலெடுத்தாள். ஏழாம் பீமின் வரியில், நீளக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் அளவு 240 க்கு 390 என்று இருந்தது. கை நின்றுவிட்டது.

அந்த பீம் முதலில் 300 எம்எம் அகலம். பீம் சுவருக்கு வெளியே துருத்தக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் கேட்டதால் மூன்று வாரம் முன்பு 230 ஆகக் குறைத்தார்கள். உயரம் அதே 450. ஸ்லாபும் பீமோடு சேர்ந்து அழுத்தத்தைத் தாங்குவதால் கீழ்க் கம்பி அதே ஐந்து போதும் என்று தட்சிணாமூர்த்தி கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார். குறுக்குவெட்டுப் படத்தில் அகல்யா அகலத்தை மாற்றினாள். அட்டவணையில் ரிங்கை மாற்ற மறந்துவிட்டாள். கம்பியைக் கான்கிரீட் மூடுவதற்குப் பக்கத்துக்கு 30 எம்எம் கவர் விட்டால் ரிங்கின் அகலம் 170 தான் வர வேண்டும். 240 ரிங் 230 அகலப் பலகைப் பெட்டிக்குள் இறங்கவே இறங்காது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ரிங் 8 எம்எம் கம்பி. 170 இல் இரண்டு பக்கமும் எட்டெட்டு போனால் உள்ளே 154. அதில் ஐந்து இருபது எம்எம் கம்பியை ஒரே வரிசையில் வைத்தால், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பதின்மூன்றரை எம்எம். இருபது எம்எம் ஜல்லி அதற்குள் எப்படிப் போகும்? குறைந்தது இருபத்தைந்து வேண்டும். படத்தில் கம்பிகளை அவள் சிறு புள்ளிகளாகப் போட்டிருந்தாள். புள்ளிகள் நிஜக் கம்பியின் அளவில் இல்லை. அதனால் கண்ணுக்கு எல்லாம் தாராளமாகத்தான் தெரிந்தது.

முதல் தளத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு கான்கிரீட் என்று தேதி குறித்தாகிவிட்டது.

சைட் இன்ஜினியர் திருமுருகனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. தட்சிணாமூர்த்தி ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், அவருடைய போன் அணைந்திருந்தது. கம்பி மேஸ்திரி வரதனின் எண்ணைத் தேடியபோதுதான் அவளுக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் வரதன் அனுப்பிய செய்தி. "மேடம் பீம் 7 ரிங் 240 போட்டு இருக்கு. பீம் 230 தானே. கரெக்டா?" அதற்குக் கீழே அவளுடைய பதில். "டிராயிங்ல உள்ளபடி போடுங்க."

அன்று வேறொரு வேலையை முடித்து அனுப்பும் அவசரம். அவள் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஷேர் ஆட்டோ ஆள் ஏறும் வரை நகரவில்லை. நகர்ந்த பிறகும் மெட்ரோ தூண்களின் கீழே லாரிக்குப் பின்னால் நின்று நின்று போனது. மடியில் இருந்த காகிதத்தில் அவள் 154 ஐ மறுபடி மறுபடி வகுத்துப் பார்த்தாள். நான்கு கம்பி வைத்தாலும் இருபத்தைந்துக்கு ஒரு மயிரிழை குறைகிறது. மூன்றுதான் முடியும். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏம்மா, பரீட்சையா?" என்று கேட்டாள். அகல்யா தலையை மட்டும் ஆட்டினாள். வேலப்பன்சாவடியில் இறங்கி, வேறு ஆட்டோ பிடித்து நூம்பல் போய்ச் சேர மணி பத்தரை ஆகிவிட்டது.

மேலே ஏறியபோது ஏழாம் பீம் பெட்டிக்கு மேல் இரண்டு பேர் நெம்புகோலோடு குனிந்திருந்தார்கள். ஒருவன் ரிங்கின் ஒரு காலைப் பிடிக்க, மற்றவன் அடுத்த காலை உள்பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தான். ரிங்குகளில் பாதி ஏற்கெனவே கோணிக்கொண்டு பெட்டிக்குள் இறங்கியிருந்தன. கீழ்க் கம்பி ஐந்தும் கும்பலாக ஒட்டிக் கிடந்தன.

திருமுருகன் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். முப்பத்தைந்து வயது, விழுப்புரத்துக்காரர், தொப்பிக்குள் கைக்குட்டை மடித்து வைத்திருப்பவர்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? பிரச்சினை எல்லாம் முடிஞ்சுது."

"வரதன் எங்க சார்?"

"அனுப்பிட்டேன். பழைய டிராயிங்கைப் பார்த்து நாப்பத்திரண்டு ரிங் தப்பா வளைச்சு வச்சிருக்கான். கேட்டா, புதுசுலதான் இப்படி இருக்குன்னு போனைக் காட்டுறான். ஒண்ணும் படிக்க முடியல, மங்கலா இருக்கு. நான் இங்க குறுக்குவெட்டுப் படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், 230ன்னு தெளிவா இருக்கு. நாளைக்கு கான்கிரீட் வண்டி வருது, நாளன்னிக்கு மழைங்கிறாங்க. இப்ப நெருக்கிட்டோம், இருநூறு வந்துடுச்சு. கவர் பிளாக் மட்டும் சின்னதா போட்டா முடிஞ்சுது."

இருநூறு என்றால் பக்கத்துக்குப் பதினைந்து எம்எம் கவர். அந்தப் பீமின் ஒரு பக்கம் கார் நிறுத்துமிடத்தின் வெளி ஓரம், மழைச் சாரல் அடிக்கும் பக்கம். சில வருடங்களில் துரு உப்பி கான்கிரீட் பொரிந்து விழும். அகல்யாவுக்கு இது தெளிவாகத் தெரிந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது. இவர் வரதன்மேல் பழியைப் போட்டுவிட்டார். கவரையும் இடைவெளியையும் மட்டும் பேசி இந்த வேலையை நிறுத்தினால் போதும். அட்டவணையைப் பற்றி அவள் வாய் திறக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

நெம்புகோல் பிடித்திருந்தவன் அடுத்த ரிங்குக்கு நகர்ந்தான்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க," என்றாள். "தப்பு வரதன் மேல இல்ல. அட்டவணைல 240ன்னு போட்டது நான்தான். அவர் செவ்வாய்க்கிழமையே கேட்டார். நான் பார்க்காம, உள்ளபடி போடுங்கன்னு சொல்லிட்டேன்."

போனை நீட்டினாள். திருமுருகன் செய்தியைப் படித்தார். இரண்டு முறை படித்திருப்பார். அவ்வளவு நேரம் ஆயிற்று.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன் சார். இன்னொண்ணும் இருக்கு. ரிங் சரியா இருந்தாலும் அஞ்சு கம்பி ஒரே வரிசைல நிக்காது. கீழ மூணு, மேல ரெண்டுன்னு ரெண்டு வரிசையா வைக்கணும். நெருக்கின ரிங்கையும் நிமித்தித் திரும்ப வளைக்கக் கூடாது. கம்பி அந்த இடத்துல விட்டுப் போயிடும். எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போடணும்."

"அப்ப நாளைக்கு கான்கிரீட்?"

"முடியாது சார்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வேலையை நிறுத்தச் சொல்ல அகல்யாவுக்கு அதிகாரம் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அந்த நேரம் தட்சிணாமூர்த்தியே அழைத்தார், தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு. அகல்யா படிக்கட்டுக்குப் போய்ப் பேசினாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. ரெண்டு வரிசை என்றால் கம்பிகளின் நடுமையம் மேலே ஏறும், பயன்படும் ஆழம் 402 இலிருந்து 386 ஆகக் குறையும், அதற்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார். பத்து நிமிடம் கழித்து அழைத்து, தாங்குகிறது, கொஞ்சம்தான் மிச்சம், ஆனாலும் போதும் என்றார். பிறகு திருமுருகனிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். கான்கிரீட் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

வரதன் திருவேற்காட்டில் தன் வீட்டுப் பக்கம் வேறொரு சைட்டுக்குப் போய்விட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அகல்யா அழைத்தபோது எடுத்தார்.

"சொல்லு மேடம்."

"வரதன், ரிங் தப்பு என்னோடது. சார்கிட்ட சொல்லிட்டேன். உங்க மெசேஜையும் காட்டினேன்."

எதிர்முனையில் கம்பி வெட்டும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"காத்தால நாலு பேர் எதிர்ல வேலை தெரியாதவன்னு சொல்லிட்டாரு. பதினாறு வருசமா கம்பி கட்டிக்கினு கீறேன். இப்ப இன்னா, நான் வரணுமா?"

"வந்தா நல்லா இருக்கும்."

"அவர் கூப்டட்டும்."

அகல்யா திருமுருகனிடம் போய்ச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு கைபேசியோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு வரதன் பைக்கில் வந்து இறங்கினார். திருமுருகனைப் பார்க்காமலே மேலே ஏறினார்.

அதற்குள் அகல்யா சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து புதிய அட்டவணையைக் கையால் எழுதி முடித்திருந்தாள். ரிங் 170 க்கு 390. ஒவ்வொன்றுக்கும் வெட்டும் நீளம் முன்பைவிட 140 குறைவு. கொக்கி 135 டிகிரி, உள்பக்கம் திரும்பியது. இருபது எம்எம் கம்பி ஐந்து, இரு முனையும் மேல்நோக்கி வளைத்தது, எல்லாம் ஒரே நீளம். இரண்டு வரிசைக்கும் நடுவே இருபது எம்எம் துண்டுக் கம்பி, மீட்டருக்கு ஒன்று, 150 நீளம்.

வரதன் காகிதத்தை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"அஞ்சும் ஒரே நீளமா மேடம்?"

அகல்யா அவர் விரல் நின்ற வரியைக் குனிந்து பார்த்தாள். "ஏன்?"

"கீய் வரிசை கம்பி முனைல மேல வளைஞ்சு வருது. மேல் வரிசை கம்பி அதுக்கு நேரா மேல கீது. அதே நீளம்னா இது காலும் அது காலும் முட்டிக்கும். மேல கீறது ரெண்டும் உள்ள தள்ளி வளையணும்."

அவள் பென்சிலை எடுத்துத் தூணுக்குள் வளையும் முனையை வரைந்தாள். இந்த முறை புள்ளியோ கோடோ இல்லை. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனோடு இரட்டைக் கோடு. வரதன் சொன்னது சரி. கம்பியின் தடிமன் இருபது, நடுவே இடைவெளி இருபது, ஆக முனைக்கு நாற்பது. இரண்டு முனைக்கும் சேர்த்து எண்பது எம்எம் குறைய வேண்டும். ஏற்கெனவே வளைத்த ஐந்தில் மூன்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மேல் வரிசைக்கு இரண்டைப் புதிதாக வெட்ட வேண்டும்.

"சரியா இருக்கு," என்றாள். வரியை அடித்து இரண்டாகப் பிரித்து எழுதினாள். கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்து, படம் எடுத்துத் தட்சிணாமூர்த்திக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் ஒப்புதல் வந்தது. வரதன் ஆட்களைக் கூப்பிட்டார்.

அன்று மாலை வரை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முதல் ரிங் வளைந்து வந்ததும் டேப் வைத்து அளந்தாள். 171. இரண்டாவது 170. பத்தாவதையும் அளந்தபோது வரதன், "எல்லாத்தையுமா அளக்கப் போற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவள் அளந்துகொண்டுதான் இருந்தாள். ஆறு மணிக்குக் கம்பிக் கூடு பெட்டிக்குள் இறங்கியது. கீழேயும் இரு பக்கமும் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே முப்பது எம்எம் கவர் பிளாக் இறுக்கமில்லாமல் நுழைந்தது. கீழ் வரிசைக் கம்பிகளின் நடுவே அவள் கையை விட்டாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று.

திருமுருகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஸ்லாப் கம்பி ஆரம்பிங்க," என்றார். வரதனைப் பார்த்துத்தான் சொன்னார். வரதன் ஆட்களை அந்தப் பக்கம் திருப்பினார்.

சனிக்கிழமை காலை மேகமூட்டமாக இருந்தது; மழை கான்கிரீட் முடிந்து மூடிய பிறகுதான் வந்தது. திங்களன்று பீமின் பக்கப் பலகைகளைக் கழற்றியபோது அகல்யா போயிருந்தாள். குனிந்து, முழு நீளத்துக்கும் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். எங்கும் ஜல்லி தெரியவில்லை, பொந்து இல்லை. பலகையின் மர வரிகள் மட்டும் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தன.

அலுவலகத்தில் தட்சிணாமூர்த்தி அவள் அட்டவணைகளை இனி இரண்டு மாதத்துக்கு ஹேமாவதி சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஹேமாவதி அவளுக்கு ஒரு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். அது அகல்யாவுக்கு உறுத்தியது. நியாயம் என்றும் தெரிந்தது. இரண்டாம் தளத்தின் அட்டவணையை எடுத்துக்கொண்டு அவள் ஹேமாவதியின் மேசைக்குப் போனாள். நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.