மைக் அக்கா மறந்த மண்

மிருகக்காட்சி சாலையில் யானையைப் பார்த்துக்கொண்டவளுக்கு மைக் அக்கா என்று பெயர். தினமும் மதியம் யானைக் கொட்டடிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தாளென்றால் லேசில் விடமாட்டாள். அங்கேயே தோட்டக்காரராக இருந்த அவள் புருஷன், "வீட்லயாவது சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணேன்" என்று கும்பிடுவார்.

யானைக்கு அவள் வைத்த பெயர் பெரியம்மா. மைக் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மாதான் அவளுக்குப் பிள்ளை, மாமியார், சிநேகிதி எல்லாம். அந்தப் பெரியம்மாவுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

கொஞ்ச நாளாகப் பெரியம்மா பார்க்க வந்தவர்கள்மேல் தான் போட்ட சாணத்தை, லத்தியை, அள்ளி வீசுகிறாளென்று புகார். நேற்று ஒரு அம்மாளின் புதுப் புடவையில் விழுந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மதியமானா காதைப் படபடன்னு அடிக்குது, ஆள் மேல வீசுது. அதுக்குக் கோவம் முத்திப் போச்சும்மா. வேற இடத்துக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். அங்க தனியா கட்டிப் போட்டுப் பாத்துப்பாங்க."

"கட்டிப் போடுவாங்களா சார்?"

"இன்னிக்கு மதியம் நானே வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

மைக் அக்கா நேரே கொட்டடிக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுத்தம்தான். குழாயைத் திறந்து பெரியம்மாவைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். முற்றத்துச் சிமெண்ட் தரையைக் கழுவிப் பெருக்கினாள். சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படி ஒரு தரை. "இன்னிக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்துடி" என்று தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்து கம்பியோரம் நின்றார். கூட்டமும் சேர்ந்தது. குளித்த ஈரமெல்லாம் காய்ந்து, பெரியம்மா காதை வீச ஆரம்பித்தாள்.

"பாத்தியா, கோவம்" என்றார் மேனேஜர்.

மைக் அக்கா மைக்கைப் பிடித்து, மனப்பாடமாக இருந்ததை ஒப்பித்தாள்.

"எல்லாரும் பாருங்க. யானைக்குக் கோவம் வந்தா காதை விரிச்சு விறைப்பா நிக்கும். இப்படி விசிறி மாதிரி ஆட்டினா அது சூடு. நம்மள மாதிரி அதுக்கு உடம்பெல்லாம் வேர்க்காது. காதுக்குப் பின்னாடி பாருங்க, எவ்வளவு ரத்தக்குழாய்! வீச வீச அந்த ரத்தம் குளிர்ந்து உடம்புக்குள்ள திரும்பிப் போகும். அப்புறம் வெயில் சுடாம இருக்க, ஈ கடிக்காம இருக்க, முதுகு மேல மண்ணை அள்ளி..."

அவள் திரும்பி முற்றத்தைப் பார்த்தாள்.

பெரியம்மாவின் தும்பிக்கை சிமெண்ட் தரையைத் தடவிக்கொண்டே போனது. இந்த மூலை, அந்த மூலை. எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் அப்போதுதான் போட்ட லத்தியை எடுத்துத் தலைக்குமேல் விசிறினாள். பாதி முதுகில் விழுந்தது. மீதி முதுகைத் தாண்டிக் கம்பிக்கு வெளியே பறந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள்.

மேனேஜர் சட்டையைத் தட்டிக்கொண்டே, "பாத்துட்டேன், போதும்" என்றார்.

"இல்ல சார்! அவ யார் மேலயும் எறியல. முதுகுல போட்டுக்கறா. மண்ணுக்குப் பதிலா!"

"மண்ணு எங்கம்மா போச்சு?"

போன மழைக்குப் பெரியம்மாவின் காலில் சீழ் வைத்திருந்தது. புண் ஆறுகிறவரை மண் படக் கூடாதென்று டாக்டர் சொல்ல, முற்றத்து மண்குவியல் முழுவதையும் வாரி வெளியே தள்ளும்படி புருஷனிடம் சொன்னவள் மைக் அக்காதான். கால் ஆறிவிட்டது. தரை பளிச்சென்று இருந்தது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. மண்ணைத் திரும்பக் கேட்கத் தோன்றவேயில்லை. கோடை வந்தது. தினமும் இதே வாயால் மண்ணைப் பற்றிப் பேசினாள்.

"நான்தான் சார் எடுத்தேன்" என்றாள். "ஒரு மணி நேரம் கொடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு, புருஷன் வேலை செய்துகொண்டிருந்த நாற்றுப் பண்ணைக்கு ஓடினாள்.

"ஏங்க, அந்த மண்ணை என்ன பண்ணீங்க?"

"ரோஜாவுக்குப் போட்டது போக ஓரமா குவிச்சிருக்கேன். ஏன், என்ன ஆச்சு? ஏன் அழற?"

"வண்டியில ஏத்துங்க, சொல்றேன்."

தோட்டக்காரர் மண்வெட்டியை எடுத்தார். பெரியம்மாவைக் கொட்டடிக்குள் அடைத்துவிட்டு, டிராக்டரில் மண்ணைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார்கள். கதவைத் திறந்தார்கள்.

பெரியம்மா ஓடவில்லை. மெதுவாக நடந்து வந்து மோந்து பார்த்தாள். ஒரு கை அள்ளி முதுகில் போட்டாள். இன்னொன்று. பிறகு நிறுத்தவேயில்லை. புழுதி எழும்பி அவளையே மறைத்தது. காது மட்டும் உள்ளே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கம்பிக்கு வெளியே ஒரு லத்தியும் வரவில்லை.

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி, இங்கயே இருக்கட்டும்" என்றார். "ஆனா இது என்ன கோலம்? ஒரே அழுக்கா இருக்கே, ஜனங்க பாக்கணும்ல? சாயங்காலம் நல்லாக் குளிப்பாட்டி விட்ரும்மா."

மைக் அக்காவின் கை பழக்கதோஷத்தில் குழாய்ப் பக்கம் போனது. அதைப் பின்னுக்கு இழுத்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

"குளிப்பாட்டறேன் சார். ஆனா குளிச்ச ஈரத்துலயே திரும்ப மண்ணைப் போட்டுக்குவா. போட்டுக்கட்டும், விட்ருங்க" என்றாள்.