தலைவரின் விலாசம்

“ஒன் பேரைத் தலைவரா போட்டா, போட்டிக் காயிதமெல்லாம் ஒங்க வீட்டுக்குத்தான் வரும். மாமாவுக்குச் சம்மதமா?” என்று போன வாரம் மச்சான் முறையான சைபுல்லா கேட்டான்.

“அத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன் மச்சான்” என்றாள் ரஹ்மத் நிஷா.

அவள் இன்னும் கேட்கவில்லை. கல்லூரி அறிவியல் போட்டிக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். முந்திரிக்கொட்டையை வெயிலில் விரைவாக உலர்த்தும் கண்ணாடிப் பெட்டி அவளுடைய யோசனை. படிவத்தில் மாதிரி செய்பவர் சேவுகன், குறிப்பு எழுதுபவர் சைபுல்லா என்று எழுதியாகிவிட்டது. நடுவர்கள் முன்னால் பேச வேண்டிய தலைவரின் பெயரும் விலாசமும்தான் காலி.

“மணி நாலே முக்கால். என் பேரையே எழுதிரவா?” என்றான் சைபுல்லா.

“எழுதுங்க. பொட்டி ஏன் சுடுதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“வெயில்ல வச்சா சுடத்தானே செய்யும்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அழைத்துப் போக வந்திருந்த அவள் தகப்பனார் பக்கீர் முகமது, குடையை மாற்றி மாற்றிப் பிடித்தபடி நின்றார்.

“ஆலங்குடி பஸ்ஸு போயிரும். வாம்மா.”

இரண்டடி நடந்தவள் நின்றுவிட்டாள்.

“அத்தா, இதுல தலைவரா என் பேரை எழுதணும். நம்ம வீட்டு விலாசத்தைப் போட்டுக்கிடவா?”