ஆறு விழுந்தாலும்

வவுனியா முகாமில் அன்று காலையும் எனக்குப் பாஸ் தரவில்லை. வெளியே ஆஸ்பத்திரியில் கிடக்கிற என் மனுசனைப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு பாஸ், அவ்வளவுதான். "நாளைக்கு வாங்கோ" என்று முகத்தைப் பார்க்காமலே திருப்பிவிட்டார்கள். என் கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள் நிரோஜாவும் வரிசையில் நின்றாள்.

அந்த எரிச்சலோடுதான் மத்தியானம் அவளுக்கு லூடோ பழக்கினேன். பக்கத்துக் கொட்டிலில் தந்த, கட்டம் போட்ட பழைய மட்டை. ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும் என்றேன். கட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தாள், ஆறு விழவேயில்லை. "அலுக்குதம்மா" என்று எழும்பப் பார்த்தாள்.

விளையாட்டிலுமா பிள்ளை காத்துக் கிடக்க வேண்டும்? சட்டத்தையெல்லாம் மாற்றினேன். எந்த இலக்கம் விழுந்தாலும் காய் வெளியே வரலாம். நாலு காய்க்குப் பதில் இரண்டு போதும். வெட்டுப்பட்டால் தொடக்கத்துக்குப் போகத் தேவையில்லை, மூன்று கட்டம் பின்னுக்குப் போனால் சரி. அவளுடைய காய் கிடுகிடுவென்று ஓடியது. முகத்தில் சிரிப்பும் வந்தது.

பிறகு தானும் ஒரு சட்டம் வைக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோசம். வை என்றேன்.

என் காய்க்கு முன்னால் ஒரு தீப்பெட்டியைக் குறுக்கே வைத்தாள். நான் உருட்டினேன். ஆறு.

"பாஸ் இருக்கோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை."

"அப்ப நாளைக்கு வாங்கோ."

என் முகத்தைப் பார்க்காமலே கட்டையை எடுத்து உருட்டினாள். பொழுதுபடும்வரைக்கும் அவளுக்கு அலுக்கவேயில்லை.