விளிம்பில் நின்ற விண்மீன்

என் வீட்டுக்காரருக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்து ஊரையே வாயால் கட்டிப்போட்ட ஞானசிகாமணி, கட்டிலில் கண்ணைத் திறந்து கிடந்தார். வைத்தியர் வந்தார், பாதிரியார் வந்தார், சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். உயிர் இருக்கிறது, புத்தி போய்விட்டது.

எனக்கு மட்டும் சந்தேகம். நான் சாம்பாரில் உப்பைக் கூட்டிப் போட்டால் அந்தக் கண்ணில் ஒரு எரிச்சல் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த எரிச்சல் அது, எனக்குத் தெரியாதா?

ஜவுளி பண்டல் அட்டை ஒன்றில், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து எழுத்துகளை எழுதினேன். மேலே உயிரெழுத்துகள், கீழே மெய்யெழுத்துகள், ஓரத்தில் தனியாக ஒரு புள்ளி. அவர் முதலில் மெய்யைத் தொட வேண்டும், பிறகு உயிரைத் தொட்டால் எழுத்து ஆகிவிடும். வெறும் மெய் என்றால் புள்ளியைத் தொட வேண்டும். இடது கை நடுங்கும், அதனால் என் உள்ளங்கையில் அவர் கையை ஏந்திக்கொள்வேன்.

'தண்ணீர்' வந்தது. 'வலி' வந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

அவருடைய அண்ணன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏ ஆத்தா கிருபாவதி, கையப் பிடிச்சிருக்கது நீ. நீ நினைக்கிறதுதானே அங்கன வருது?"

கோபம் வந்தது, சண்டை போட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம். நானேதான் நகர்த்துகிறேனோ? என் ஆசையே என் கையில் ஏறிக்கொண்டு அவர் மாதிரிப் பேசுகிறதோ? நான் பேசுவது அவரோடா, என்னோடேயா? அட்டையை எடுக்கவே கை கூசியது.

அந்த நேரத்தில்தான் பொன்னுராஜ் வந்தார். பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். வாரப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியில் என் வீட்டுக்காரருக்குச் சரியான எதிராளி. இவர் விழுந்ததும் படிக்க ஆள் இல்லையென்று பத்திரிகையை நான் நிறுத்திவிட்டேன். வாசகசாலையில் ஒரு பிரதி உண்டு, ஆனால் அதை வெளியே கொண்டுபோக விட மாட்டார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கேமராப் பெட்டியை அங்கேயே தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வந்துவிட்டார். பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தால் அரை நாழிகையில் முடியும் வேலை. கேமராக்காரருக்கு எல்லாம் கேமராவால்தான் ஆக வேண்டும்!

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கட்டங்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் வலது ஓரத்தில் பல குறிப்புகளின் கடைசிச் சொற்களைக் காணோம்.

"வாசகசாலையில பத்திரிகைய மரக்கழியில கவ்வி வச்சிருக்காக மதினி. மடிப்புப் பக்கம் கழிக்குள்ள போயிருச்சு. அவிழ்க்க விடமாட்டேன்னாக," என்று தலையைச் சொறிந்தார்.

நம் பாஷையில் எது, என்ன என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தானே வரும்? அதுவே போய்விட்டால் தலையும் இல்லாத, வாலும் இல்லாத குறிப்பு. போதாக்குறைக்குப் பெரியத்தானும் அப்போது வந்து சேர்ந்தார்.

படத்தையும் பூதக்கண்ணாடியையும் அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, முழுசாக இருந்த குறிப்புகளை முதலில் வாசித்தேன். ஏழாம் எண், மேலிருந்து கீழ்: 'வந்தவருக்கு இலை போட்டு வைப்பது'. அவர் விரல் 'விருந்து' என்றது. பெரியத்தான் சிரித்தார். "இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." அவர் சொன்னது நியாயம்.

அதே கட்டத்திலிருந்து இடமிருந்து வலம் இன்னொரு சொல் தொடங்கியது. நாலு கட்டம், முதல் எழுத்து வி. குறிப்பு: 'இருட்டில் கப்பலுக்கு வழி காட்டும், ஆனால்'. அதோடு படம் முடிந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விளக்கு. கட்டம் நாலும் சரியாக இருக்கிறது. அவர் கையை ஏந்தி ளகரத்தின் பக்கம் காத்திருந்தேன்.

கை வரவில்லை. என் உள்ளங்கையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. நான் விடவில்லை, அதுவும் விடவில்லை. நடுங்கிக்கொண்டே போய் ணகரத்தில் விழுந்தது. பிறகு புள்ளியில் வந்து நின்றது. ம், ஈ. ன், புள்ளி.

விண்மீன்.

"பாத்தியா, விளக்குன்னு பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்," என்றார் பெரியத்தான். "புத்தி போச்சுன்னு சொன்னா கேக்கணும்."

எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. விடை தப்பாகவே இருக்கட்டும். நான் நினைத்தது வரவில்லையே! என் கையை மீறி இந்தக் கட்டிலிலிருந்து ஒரு மனசு வந்திருக்கிறதே!

அவர் விரல் போட்டோவைத் தேடியது. மறுபடி பிடித்துக் காட்டினேன். விரல் போய் நின்றது ஐந்தாம் எண், மேலிருந்து கீழ். குறிப்பு: 'இது வந்த பிறகே உறவும் நட்பும்'. அதற்கு மேல் இல்லை. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பெரியத்தானுக்கும் தோன்றவில்லை, கேட்டேன். அட்டையில் விரல் ஒவ்வொரு எழுத்தாக நடந்தது. து. ன். ப. ம்.

பொன்னுராஜ் பென்சிலால் கட்டத்தில் நிரப்பினார். துன்பத்தின் இரண்டாம் எழுத்து, விண்மீனின் கடைசி எழுத்து, இரண்டுக்கும் ஒரே கட்டம். இரண்டும் ன். விளக்கு என்று போட்டிருந்தால் அந்த இடத்தில் கு வந்து உட்கார்ந்திருக்கும், துன்பம் நின்றிருக்காது. தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றைப் பிடித்திருக்கிறார் மனிதர்!

"பொருந்துதுங்கிறதுக்காகச் சரின்னு ஆயிருமா?" என்றார் பெரியத்தான். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

பொன்னுராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். வாசகசாலைக்காரரிடம் என்ன சொன்னாரோ, காலைப் பிடித்தாரோ, கழியை அவிழ்க்க வைத்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, ஒரு துண்டுக் காகிதத்தைப் பெரியத்தான் கையில் கொடுத்தார்.

பெரியத்தான் சத்தமாக வாசித்தார். "இருட்டில் கப்பலுக்கு வழி காட்டும், ஆனால் யாரும் ஏற்றி வைக்காதது." அடுத்ததையும் வாசித்தார். "இது வந்த பிறகே உறவும் நட்பும் யாரென்று தெரியும்."

யாரும் ஏற்றி வைக்காதது. விளக்கு எப்படி ஆகும்? காணாத சொற்களை அவர் அங்கே படுத்தபடியே கண்டிருக்கிறார். வேதப்புத்தகத்தில் அற்புதங்களைப் படித்திருக்கிறேன். என் வீட்டுக் கட்டிலில் ஒன்று நடக்கும் என்று நினைக்கவில்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். ஆண்டவரையா அவரையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பெரியத்தான் தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். இத்தனை நாளும் அவரைப் பற்றி என்னிடம்தான் பேசுவார், அவரிடம் பேசியதே இல்லை.

"தம்பி, நாங்க இங்கன நின்னு பேசினதெல்லாம்... உனக்குக் கேட்டுச்சாடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சவப்பெட்டிக்கு எந்த மரம், கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை, எனக்கு இனி யார் சோறு போடுவது, எல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றுதான் பேசினார்கள். நானும் அழுதுகொண்டே பதில் சொல்லியிருக்கிறேன்.

கையை ஏந்தினேன். விரல் மெதுவாகப் போனது. எ. ல். லா. ம்.

பெரியத்தான் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பி நடக்கப் போனவரை, பொன்னுராஜ் தோளைத் தொட்டு நிறுத்தினார். விரல் இன்னும் நிற்கவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, நான் வாய்விட்டு வாசித்தேன்.

"உட்காருங்கண்ணே."